சங்கத்திடம் கடன் கேட்டு எழுதும் ஆசிரியை கடிதத்தில் சேர்க்க வேண்டியவை

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, முதல் பருவக் கட்டணம் கட்ட இரண்டே வாரம் இருக்கிறது என்றால் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம்தான். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான கடலோரப் பள்ளிகளிலும், உள்ளே திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு பக்கமும் இதுதான் வழக்கம். சொத்துப் பத்திரம் கேட்க மாட்டார்கள். உடன் வேலை பார்ப்பவர்கள் இருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் பணம் கணக்குக்கு வந்துவிடும். அவசரத்துக்கு இதைவிட நல்ல வழி ஆசிரியைக்கு இல்லை என்றே நானும் சொல்வேன். ஆனால் கடன் கேட்டு எழுதும் கடிதத்தைப் பலர் நான்கு வரியில் முடித்துவிடுகிறார்கள். 'மகளின் மேற்படிப்புக்காக இவ்வளவு தொகை கடன் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதி, கூடவே நீட்டப்படும் படிவங்களில் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறார்கள். அடுத்த ஐந்து வருடம் வீட்டின் வரவு செலவைத் தீர்மானிப்பது அந்தப் படிவங்கள்தான்.

கூட்டுறவுக் கடன் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே ஆண்டு அக்டோபரில், நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த காஞ்சிபுரத்தில். வட்டிக்காரரிடம் போகாமல் தங்களுக்குள் பணம் சேர்த்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்வதுதான் நோக்கம். இன்றைய சிக்கன நாணயச் சங்கமும் அப்படியே. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் சிக்கனச் சேமிப்பும் பங்குத் தொகையும் சேர்ந்து உறுப்பினருக்குக் கடனாகப் போகின்றன. ஆகவே கடன் கேட்கும் ஆசிரியை சங்கத்தின் வாடிக்கையாளர் மட்டுமல்ல, பங்குதாரரும்கூட. கணக்கு கேட்கும் உரிமை அவருக்கு அங்கிருந்தே தொடங்குகிறது.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். எந்தக் காரணம் எழுதினாலும், சங்கம் தருவது பெரும்பாலும் சம்பளத்தை நம்பிக் கொடுக்கும் சாதாரண ஜாமீன் கடன்தான். படிப்பு முடியும்வரை அது காத்திருக்காது. அடுத்த மாதச் சம்பளத்திலேயே பிடித்தம் தொடங்கிவிடும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாமல்லபுரம் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியை ஒருவர், மகளின் நான்கு வருடப் பொறியியல் படிப்புக்கு வருடம் 1 லட்சம் வீதம் 4 லட்சம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்கு 10, தவணை 60 மாதம், கடனில் பத்தில் ஒரு பங்கு அவர் பெயரில் பங்குத் தொகையாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் துணை விதி. இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள், சங்கத்துக்குச் சங்கம் மாறும். அவர் பெயரில் ஏற்கெனவே 15,000 ரூபாய் பங்கு இருந்தால் மீதி 25,000 கடனிலேயே கழிக்கப்படும். கைக்கு வருவது 3,75,000. வட்டியோ முழு 4 லட்சத்துக்கு. அசல் மாதம் 6,667, முதல் மாத வட்டி 3,333, ஆக முதல் பிடித்தமே 10,000 ரூபாய். நிலுவை குறையக் குறைய வட்டியும் குறைந்து, ஐந்து வருடத்தில் கட்டும் மொத்த வட்டி ஏறத்தாழ 1,01,700 ஆகும். முதல் வருடத்துக்குத் தேவை 1 லட்சம்தான். மீதிப் பணம் சேமிப்புக் கணக்கில் சொற்ப வட்டிக்குக் கிடக்கும், அல்லது வேறு செலவில் கரைந்துவிடும்.

அதே 4 லட்சத்தை வங்கியில் கல்விக் கடனாக வாங்கினால் நிலைமை வேறு. 4 லட்சம் வரை சொத்துப் பிணையம் கேட்கக்கூடாது என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி இட்டிருக்கும் கட்டளை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். கட்டணம் வருடாவருடம் கல்லூரிக்கே போகும், கொடுத்த தொகைக்கு மட்டும் வட்டி ஏறும். அசலைத் திருப்பத் தொடங்குவது பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து. அதே 10 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால், வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவர முதல் வருடம் மாதம் 833 ரூபாய், நான்காம் வருடத்தில் 3,333 ரூபாய் போதும். வட்டியையும் தள்ளிப்போட்டால் சுமை பின்னால் கூடும் என்பது உண்மை. ஆனாலும் படிக்கும் காலத்தில் குடும்பம் மூச்சுவிட இடம் இருக்கும். வரியிலும் வேறுபாடு உண்டு. 80இ என்று பழக்கப்பட்ட கல்விக் கடன் வட்டிச் சலுகை, வங்கியிலோ அரசு அறிவித்த நிதி நிறுவனத்திலோ அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனத்திலோ வாங்கிய கடனுக்குத்தான், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். சிக்கன நாணயச் சங்கக் கடனின் வட்டியை அதில் காட்ட முடியாது. மகள் படிப்புக்குத்தானே வாங்கினேன் என்று வாதாடிப் பயனில்லை.

ஆகவே நான் சொல்வது, வங்கிக் கடனுக்கு உடனே விண்ணப்பித்துவிட்டு, அது கைக்கு வரும்வரை ஆகும் முதல் கட்டணத்துக்கும், வங்கிக் கணக்கில் அடங்காத செலவுக்கும் மட்டும் சங்கத்தைக் கேளுங்கள். 1 லட்சம் தேவைப்படும் இடத்தில், தகுதி இருக்கிறது என்பதற்காக 4 லட்சம் வாங்காதீர்கள். ஓய்வு பெற மூன்று வருடமே இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பணிக்காலத்துக்குள் கடன் அடைய வேண்டும் என்பதால் 60 தவணை அவர்களுக்கு 36 ஆகச் சுருங்கும், மாதப் பிடித்தம் எகிறும்.

இனி கடிதம். இப்படி எழுதலாம்.

"பெறுநர்: செயலாட்சியர் / தலைவர் அவர்கள், ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம்.

பொருள்: மகளின் மேற்படிப்புக்குக் கடன் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, நான் தங்கள் சங்கத்தின் உறுப்பினர் (உறுப்பினர் எண் ...). என் மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் சேர்க்கை கிடைத்துள்ளது. சேர்க்கை ஆணையும் கட்டண விவரமும் இணைத்துள்ளேன். ரூ.1,00,000 கடனை 30 மாதத் தவணையில் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். ஆவணங்களில் கையெழுத்திடும் முன் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் தெரிவிக்கவும்: வட்டி விகிதம், அது குறையும் நிலுவைக்கா என்பது, பங்குத் தொகைக்கும் பிறவற்றுக்கும் கடனில் கழிக்கப்படும் தொகை, தவணை தவறினால் அபராத வட்டி, முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்பது. என் பெயரில் இன்றைய தேதியில் உள்ள பங்கு, சிக்கனச் சேமிப்பு, கடன் நிலுவை, நான் ஜாமீன் நிற்கும் கடன்கள் ஆகியவற்றின் விவரத்தையும் வழங்கவும். இப்படிக்கு ..."

இதை இரண்டு படி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடன் மறுக்கப்பட்டாலும், பின்னால் தகராறு வந்தாலும் பேசப்போவது அந்த முத்திரைதான்.

குறையும் நிலுவைக்கா என்று கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலே சொன்ன 4 லட்சத்துக்கு, ஐந்து வருடமும் முழுத் தொகைக்கே வட்டி போட்டால் வட்டி 2 லட்சம் ஆகிவிடும். விகிதம் அதே 10தான், தொகை ஏறத்தாழ இரு மடங்கு. ஜாமீன் நிற்கும் கடன்களின் விவரத்தைக் கேட்பது, தனக்கே தெரியாமல் தன் பெயர் எங்காவது நுழைந்திருக்கிறதா என்று பார்க்க. நிரப்பாத புரோநோட்டில், தொகை எழுதாத ஜாமீன் பத்திரத்தில், வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடக்கூடாது. 'நாங்களே பூர்த்தி பண்ணிக்கிறோம் டீச்சர்' என்றால், அங்கேயே உட்கார்ந்து பூர்த்தி செய்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தணிக்கைக் காலத்தில் வரும் நிலுவை உறுதிப் படிவத்தையும் படிக்காமல் ஒப்பமிட வேண்டாம். போலிக் கடன் இருந்தால் வெளிப்படும் இடம் அதுதான்.

ஜாமீன் போடும் சக ஆசிரியையும் தன் நிலையை அறிய வேண்டும். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். கடனாளியை முழுதாக விரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தன்னிடம் வர வேண்டும் என்று அவர் கேட்க முடியாது. அவருக்கும் காப்பு இருக்கிறது. அவர் சம்மதமின்றிக் கடனின் நிபந்தனைகளை மாற்றினால், அதற்குப் பிந்தைய நடவடிக்கைகளுக்கு அவர் பொறுப்பல்ல. அவர் கட்ட நேர்ந்த தொகையைக் கடனாளியிடம் திரும்பப் பெறும் உரிமையும் உண்டு. ஆகவே பழைய கடனை நேர்செய்து புதுக் கடன் வாங்கும்போது, முந்தைய ஜாமீன் ரத்தானதற்கு எழுத்துச் சான்று கேட்டு வாங்க வேண்டும்.

கடன் வந்தபின் நடக்கும் கோளாறுகளில் கவனிக்க வேண்டியது, சம்பளத்தில் பிடித்த பணம் சங்கத்தில் வரவாகாமல் நிற்பது. பிடித்த தேதியைச் சம்பளச் சீட்டிலும், வரவான தேதியைச் சங்கக் கணக்குப் புத்தகத்திலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒப்பிடுங்கள். இடைவெளி தெரிந்தால், பிடித்தம் செய்ததற்கான சான்றைச் சம்பளம் வழங்கும் அலுவலரிடம், அதாவது வட்டாரக் கல்வி அலுவலரிடமோ தலைமை ஆசிரியரிடமோ வாங்கி, அதை இணைத்துச் சங்கத்துக்கு எழுதுங்கள். அந்தத் தாமதத்துக்கு உங்கள் மேல் அபராத வட்டி ஏற்றியிருந்தால் நீக்கக் கேளுங்கள்.

சங்கம் பதில் தராவிட்டால், 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் இடையிலான தகராறைப் பதிவாளர் முன் கொண்டுபோகலாம். நடைமுறையில் சரகத் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். அந்தப் பிரிவு இருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. நெல் மூட்டைகளை அடகு வைத்துக் கடன் வாங்கிய உறுப்பினர்களுக்கும் திருமுருகன் கூட்டுறவு வேளாண்மைக் கடன் சங்கத்துக்கும் நடந்த வழக்கில் இதே வாதம் எழுந்தது. 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 90ஆம் பிரிவு நுகர்வோர் மன்றத்தின் கதவை அடைக்காது என்று தீர்ப்பளித்தது. செங்கல்பட்டிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலும் அங்கே புகார் கொடுக்கலாம்.

கணக்கு விவரமே கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் உதவும், ஆனால் நேராகச் சங்கத்துக்கு அல்ல. 2013 அக்டோபரில் கேரளத்தின் தலப்பலம் சேவைக் கூட்டுறவு வங்கி வழக்கில், கூட்டுறவுச் சங்கம் பொது அதிகார அமைப்பு ஆகாது என்றும், பதிவாளர் பொது அதிகார அமைப்பே என்றும், சட்டப்படி அவர் சங்கத்திடம் கேட்டுப் பெறக்கூடிய தகவலை அவர் வழியாகப் பெறலாம் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே மனுவைத் துணைப் பதிவாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் அனுப்ப வேண்டும். உங்கள் உறுப்பினர் எண்ணைக் குறிப்பிட்டு, உங்கள் கடன் கணக்கின் நகலையும் துணை விதிகளின் நகலையும் மட்டும் கேளுங்கள். மற்ற உறுப்பினர்களின் கணக்கைக் கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுத்துவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.