நாள் குறைந்தது, மணி கூடியது

லண்டனில் சின்னக் கடைகளுக்குச் சம்பளக் கணக்கு பார்ப்பது என் வேலை. போன வருடம் செப்டம்பர் கடைசியில், மருந்துக் கடையில் பகுதி நேரமாக வேலை செய்யும் ஒரு அக்கா தன் பேஸ்லிப்பை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, நாள் குறைஞ்சபடியா லீவும் குறைஞ்சிட்டுது எண்டு சொல்லீனம். ஆனா நான் முந்தியைவிடக் கூட மணித்தியாலம் எல்லோ நிக்கிறன்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. செப்டம்பர் 14 வரை திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 4 மணி நேரம், வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை. 15ஆம் தேதியிலிருந்து திங்கள், செவ்வாய், புதன் மட்டும். ஆனால் தினம் 8 மணி நேரம், ஆக வாரத்துக்கு 24. நாள் ஐந்திலிருந்து மூன்றாகிவிட்டது, வேலை நேரமோ நான்கு மணி கூடிவிட்டது.

பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் வேலை நேர விதிகளின்படி, வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் வருடத்தில் 5.6 வாரம் சம்பளத்துடன் லீவு உண்டு. வாரம் என்றால் அவரவருடைய வாரம். ஐந்து நாள் வேலை செய்கிறவருக்கு அது 28 நாள், மூன்று நாள் வேலை செய்கிறவருக்கு 16.8 நாள். வருடம் முழுக்க ஒரே ரோட்டா இருந்தால் இதில் குழப்பமே வராது. ரோட்டா நடுவில் மாறும்போதுதான் 'ஒரு நாள்' என்ற அளவுகோல் கையை விட்டுப் போகிறது. அக்காவின் ஆகஸ்ட் மாத நாளில் 4 மணி நேரம் இருந்தது, அக்டோபர் மாத நாளில் 8. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் கூட்டுவது அரைப்படியையும் முழுப்படியையும் ஒன்றாக எண்ணுவது போலத்தான்.

அவருடைய லீவு வருடம் ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. பேங்க் ஹாலிடேயையும் சேர்த்து, மாறுவதற்கு முன் 15 நாள் எடுத்திருந்தார். கடைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? புது ரோட்டாவுக்கு உரிய 16.8 நாளை முழு வருடத்துக்கும் வைத்தார், அதிலிருந்து 15ஐக் கழித்தார். மீதி 1.8 நாள், அதாவது 14 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அவர் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. திரையில் இருந்த '28' என்ற எண்ணை அழித்துவிட்டு '16.8' என்று அடித்தார், அவ்வளவுதான்.

அந்த ஒரு மாற்றத்தில், எட்டரை மாதம் வேலை செய்து சேர்த்த லீவு புது அளவுக்குச் சுருங்கிவிட்டது. அப்படிச் செய்யக் கூடாது என்பது பழைய தீர்ப்பு. ஆஸ்திரியாவின் டிரோல் மாநில மருத்துவமனை ஊழியர்கள் தொடர்பான வழக்கில், முழு நேர வேலையில் சேர்த்த லீவை, பிறகு பகுதி நேரத்துக்கு மாறியதைக் காட்டிக் குறைக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் சொன்னது. எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. வாரம் ஒரே நாள் வேலை செய்துகொண்டிருந்த கிரீன்ஃபீல்டு என்ற இங்கிலாந்துப் பராமரிப்புப் பணியாளர், 2012 ஜூலையில் 7 நாள் லீவு எடுத்தார். அடுத்த மாதமே 12 நாள் வேலை, 2 நாள் ஓய்வு என்ற முறைக்கு மாறினார். அப்படியானால் பழைய மாதங்களின் லீவையும் புது அளவில் கூட்டித் தர வேண்டுமா? வேண்டாம், வேலை நேரம் கூடிய நாளிலிருந்து சேரும் லீவை மட்டும் புதிதாகக் கணக்கிட்டால் போதும் என்று 2015 நவம்பரில் தீர்ப்பு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெளிவு: மாறிய தேதியில் ஒரு கோடு போட வேண்டும், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கணக்கு, அந்தப் பக்கம் இன்னொரு கணக்கு.

அக்காவுக்கு அந்தக் கோட்டைப் போட்டேன். முதலில் நாளை மணியாக்க வேண்டும். பழைய வாரம் 20 மணி நேரம், 5.6 மடங்கு 112. புது வாரம் 24 மணி நேரம், 5.6 மடங்கு 134.4. இவை இரண்டும் முழு வருடத்துக்கான அளவு. 2025இல் ஜனவரி 1 முதல் செப்டம்பர் 14 வரை 257 நாள், மீதி 108 நாள்.

112 × 257 ÷ 365 = 78.86
134.4 × 108 ÷ 365 = 39.77

கூட்டினால் 118.63 மணி நேரம். அவர் எடுத்திருந்த 15 நாளும் பழைய 4 மணி நேர நாட்கள், ஆகவே 60 மணி நேரம். மீதி 58.63. இதைக் குறைத்து முழு எண்ணாக்கக் கூடாது, கூட்டலாம். கடைக்காரர் 59 என்று ஒப்புக்கொண்டார். முன்பு சொன்ன 14 எங்கே, இந்த 59 எங்கே!

கடைக்காரருக்கு நட்டம் வரும் வழியும் இருக்கிறது. கோட்டைச் சரியாகப் போட்டுவிட்டு, மணியாக்காமல் நாளாகவே விட்டால், 28 நாளில் ஒரு பங்கும் 16.8 நாளில் ஒரு பங்கும் சேர்ந்து ஏறக்குறைய 24.7 நாள் வரும். எடுத்த 15 போக 9.7 நாள் மீதி. அதை 8 மணி நேர நாட்களாக எடுத்தால் 77 மணி நேரத்தைத் தாண்டிவிடும். லீவு மீதியை மணியில் காட்டாமல் வெறும் நாளாகக் காட்டும் பேஸ்லிப்பைக் கண்டால், ரோட்டா மாறிய வருடத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

சிலர் இந்த இடத்தில் 12.07 சதவீதம் என்ற சூத்திரத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். 2024 ஏப்ரல் 1ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ தொடங்கும் லீவு வருடங்களுக்கு அது பொருந்தும், ஆனால் வாரத்துக்கு வாரம் வேலை நேரம் நிலையில்லாதவர்களுக்கும், வருடத்தில் சில காலம் மட்டும் வேலை உள்ளவர்களுக்கும்தான். அக்காவுக்கு இரண்டு ரோட்டாவும் நிலையானவை. ஒருமுறை மாறியதால் அவர் நிலையில்லாதவர் ஆகிவிட மாட்டார்.

அதே பேஸ்லிப்பில் சம்பளமும் இடித்தது. மணிக்கு 12.21 பவுண்டு, அந்த வருடத்தின் சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலி. கடையின் மென்பொருள் பழைய மாதச் சம்பளத்தில் முப்பதில் 14 பங்கும், புது மாதச் சம்பளத்தில் முப்பதில் 16 பங்கும் எடுத்து, 1,171.08 பவுண்டு போட்டிருந்தது. பார்த்தால் ஒழுங்கான கணக்குப் போலத்தான் இருக்கும். ஆனால் அக்காவுக்குப் பேசியது மணிக் கணக்குச் சம்பளம். செப்டம்பர் காலண்டரைத் திறந்து விரல்விட்டு எண்ணினோம். 14ஆம் தேதி வரை 10 வேலை நாள், 40 மணி நேரம். அதன்பிறகு திங்கள், செவ்வாய், புதன் என்று 8 நாள் விழுந்தது, 64 மணி நேரம். மொத்தம் 104. சேர வேண்டியது 1,269.84 பவுண்டு. கொடுத்ததை 104ஆல் வகுத்தால் மணிக்கு 11.26தான் வருகிறது, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே. சனி, ஞாயிறு உட்பட எல்லா நாளையும் சமமாகப் பிரிக்கும் முறைக்கு, 29, 30 தேதிகள் திங்களாகவும் செவ்வாயாகவும் விழுந்தது தெரியாது. வருடச் சம்பளம் பேசியவர்களுக்கு இப்படிப் பிரிப்பது வழக்கம்தான், எந்த முறையில் பிரிப்போம் என்று கடிதத்தில் எழுதியிருந்தால் போதும். மணிக்கு இவ்வளவு என்று பேசியவர்களுக்கு ரோட்டாவை எண்ணுவதைத் தவிர வேறு வழி இல்லை.

விடுபட்ட 98.76 பவுண்டு அக்டோபர் சம்பளத்தோடு வந்தது. டிசம்பர் 25உம் 26உம் வியாழன், வெள்ளி. அவை இப்போது அக்காவின் வேலை நாட்கள் இல்லை, ஆகவே கடை மூடியிருந்தாலும் அவருடைய 59இலிருந்து ஒரு மணி நேரமும் போகவில்லை. நவம்பரில் இரண்டு வாரம் எடுத்தார், 48 மணி நேரம். டிசம்பரில் ஒரு திங்கள், 8. மிஞ்சிய மூன்று மணி நேரத்தை, மகளின் பள்ளிக்கூட நாடகம் நடந்த புதன்கிழமை மத்தியானம் எடுத்துக்கொண்டார்.