ஒன்பது மதிப்பெண் வினாவும் தேர்வாளரின் கடிதமும்

2022 ஜூன் மாதம் இங்கிலாந்தில் பதினாறு வயது மாணவர்கள் ஜிசிஎஸ்இ இயற்பியல் தேர்வின் முதல் தாளை எழுதினார்கள். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததை ஈடுகட்ட, எந்தெந்தப் பகுதியில் வினா வரும், எந்தெந்தப் பகுதியில் வராது என்ற முன்தகவல் பட்டியலை அந்த ஆண்டு தேர்வு வாரியங்கள் பிப்ரவரியிலேயே வெளியிட்டிருந்தன. ஏக்யூஏ என்ற வாரியத்தின் உயர்நிலைத் தாளில், வராது என்று பட்டியல் சொல்லியிருந்த மின்சாரப் பாடப் பகுதியிலிருந்து 9 மதிப்பெண்ணுக்கு ஒரு வினா வந்துவிட்டது. வாரியம் மன்னிப்புக் கேட்டது. அந்த 9 மதிப்பெண்ணையும் எல்லா மாணவர்களுக்கும் முழுதாகக் கொடுத்தது.

இயற்பியலாக அந்த வினாவில் தவறு இல்லை. வழக்கமான ஆண்டில் அது பாடத்திட்டத்துக்குள்தான் இருந்திருக்கும். அச்சான வினாவுக்கும் மாணவர் கையில் கொடுக்கப்பட்ட பட்டியலுக்கும் இடையில்தான் முரண். பாடத்திட்டப் பிழைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எழுத்துப் பிழையோ கணக்குப் பிழையோ பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், இது தெரியாது. வினா அழகாக இருக்கும், விடைக்குறிப்பும் சரியாக இருக்கும். பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

அப்படிப் பிடித்த ஒரு தேர்வாளர் வாரியத்துக்கு என்ன எழுத வேண்டும்? "ஐந்தாம் வினா பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ளது, நடவடிக்கை எடுக்கவும்" என்ற இரண்டு வரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த வாரியத்தாலும் முடிவெடுக்க முடியாது. முழு வினாவும் வெளியே இருக்கிறதா, ஒரு பகுதி மட்டுமா? எந்த ஆண்டின் பாடத்திட்டப்படி வெளியே? மாணவர்கள் அந்த வினாவை எப்படி எதிர்கொண்டார்கள்? இந்த மூன்றுக்கும் கடிதத்தில் பதில் இருக்க வேண்டும்.

ஒரு வினாவைக் கற்பனையாக அமைத்துப் பார்க்கலாம். மின் கெட்டில் பற்றிய 9 மதிப்பெண் வினா, நான்கு உட்பிரிவுகள். கெட்டிலின் மின்தடை 23 ஓம், மின்னழுத்தம் 230 வோல்ட். அ) மின்னோட்டத்தைக் கணக்கிடுக: 2 மதிப்பெண். ஆ) திறனைக் கணக்கிடுக: 2 மதிப்பெண். இ) மூன்று நிமிடத்தில் எவ்வளவு ஆற்றல் மாற்றப்படுகிறது: 3 மதிப்பெண். ஈ) அந்த ஆற்றல் முழுவதும் தண்ணீருக்குப் போய்ச் சேராதது ஏன்: 2 மதிப்பெண். ஓம் விதி பாடத்திட்டத்தில் இருக்கிறது; மின்சாதனங்களின் திறனும் ஆற்றல் மாற்றமும் அந்த ஆண்டு நீக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

அ பிரிவுக்கு ஓம் விதி போதும். 230-ஐ 23-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். ஆ பிரிவில் 230-ஐ 10-ஆல் பெருக்கி 2,300 வாட் என்று எழுத, நீக்கப்பட்ட சூத்திரம் தெரிந்திருக்க வேண்டும். இ பிரிவு அந்த 2,300-ஐ வாங்கி 180 விநாடியால் பெருக்குகிறது. விடை 4,14,000 ஜூல். ஆகவே ஆ தெரியாதவருக்கு இ-யும் கிடையாது. ஈ பிரிவும் நீக்கப்பட்ட பகுதியைச் சேர்ந்ததுதான். இப்படிப் பிரித்துப் பார்த்தால் 2 மதிப்பெண் உள்ளே, 7 மதிப்பெண் வெளியே. கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி அமையும்:

"இந்த வினாவின் அ பிரிவு, நடப்புப் பாடத்திட்டத்தில் உள்ள ஓம் விதியை மட்டுமே கேட்கிறது. ஆ, இ, ஈ ஆகிய பிரிவுகள், இந்த ஆண்டு நீக்கப்பட்ட பகுதிகளாக வாரியம் அறிவித்த பட்டியலில் உள்ளவை. இ பிரிவின் விடை ஆ பிரிவின் விடையைச் சார்ந்திருப்பதால் இரண்டையும் சேர்த்தே பரிசீலிக்க வேண்டுகிறேன். பாடத்திட்டத்தின் அந்தப் பக்கத்தையும் நீக்கப் பட்டியலின் பக்கத்தையும் இணைத்துள்ளேன். தங்கள் உத்தரவு வரும்வரை தற்போதைய விடைக்குறிப்பின்படியே மதிப்பிட்டு வருகிறேன்."

கடைசி வாக்கியம் மரியாதைக்காக எழுதப்படுவதன்று. பிழை தெரிந்ததும் ஒரு தேர்வாளர் இரக்கப்பட்டுத் தானாகவே 7 மதிப்பெண் போட்டுவிட்டால், அவரிடம் வந்த மாணவர்களுக்கு மட்டும் அது கிடைக்கும். அடுத்த மேசையில் திருத்தப்படும் மாணவருக்குக் கிடைக்காது. பாடத்திட்டப் பிழை எல்லாரையும் ஒரேபோலப் பாதித்தது. தனி இரக்கம் அதை ஆளுக்கு ஆள் வேறுபடும் அநீதியாக மாற்றிவிடும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம்களிலும் இதே காரணத்தால்தான் உதவித் தேர்வாளர் தன் சந்தேகத்தைக் கூர்ந்தாய்வு அலுவலரிடமும் முதன்மைத் தேர்வாளரிடமும் சொல்கிறார். முகாம் வழியாக அது அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகிறது. விடைக்குறிப்பில் மாற்றம் என்றால் எல்லா முகாம்களுக்கும் ஒரே உத்தரவாக வர வேண்டும்.

பாடத்திட்டத்தின் எந்தப் பதிப்பு என்று குறிப்பிடுவது எவ்வளவு முக்கியம் என்பதை 2024 நீட் தேர்வு காட்டியது. இயற்பியலில் அணுக்கள் பற்றிய ஒரு வினா. எல்லாத் தனிமங்களின் அணுக்களும் நிலைத்தன்மை கொண்டவை என்பது அதில் ஒரு கூற்று. என்சிஇஆர்டியின் பழைய பன்னிரண்டாம் வகுப்பு நூல் அப்படித்தான் சொன்னது. புதிய பதிப்பு "பெரும்பாலான தனிமங்கள்" என்று திருத்தியிருந்தது. அண்ணனோ அக்காவோ படித்த பழைய புத்தகத்தை வைத்துப் படித்தவர்கள் கூற்று சரி என்றார்கள். புதியதைப் படித்தவர்கள் தவறு என்றார்கள். தேசியத் தேர்வு முகமை இரு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஐஐடி டெல்லியின் மூன்று நிபுணர்கள் ஒரு விடைதான் சரி என்று 2024 ஜூலையில் கருத்துச் சொன்னார்கள். மற்ற விடையைத் தேர்ந்தெடுத்திருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தலா 5 மதிப்பெண் குறைந்தது: சரியான விடைக்குக் கொடுத்த 4 போனது, தவறான விடைக்கான 1 கழிந்தது. முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்த 61 பேர் 17 பேராகச் சுருங்கினார்கள். ஒரே ஒரு சொல்லை, தேர்வுக்கு முன்பே இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இத்தனை பேர் அலைக்கழிந்திருக்க மாட்டார்கள்.

சரி, கடிதம் வந்துவிட்டது. வாரியம் பிழையை ஏற்றுக்கொண்டது. அடுத்து என்ன செய்வது? எல்லாருக்கும் முழு மதிப்பெண் என்பது எளிய வழி. வினாவையே நீக்கிவிட்டு, மீதி மதிப்பெண்ணை நூற்றுக்கு உயர்த்திக் கணக்கிடுவது இன்னொரு வழி. இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது.

100 மதிப்பெண் தாளில் 9 மதிப்பெண் வினா பிழை. மீதமுள்ள 91-இல் ஒரு மாணவி 74 எடுத்திருக்கிறார், இன்னொருவர் 30. முழு மதிப்பெண் கொடுத்தால் அவர்கள் 83, 39 என்று முடிப்பார்கள். வினாவை நீக்கி விகிதப்படி உயர்த்தினால் முதல் மாணவிக்கு 81-க்குச் சற்று மேல், இரண்டாமவருக்கு ஏறக்குறைய 33. முதலாமவருக்கு வித்தியாசம் இரண்டுக்கும் குறைவு, இரண்டாமவருக்கு ஆறு. தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்றால் ஒரு வழியில் அவர் தேர்ச்சி, மறு வழியில் தோல்வி. எந்த வழியைத் தேர்ந்தாலும் வாரியம் யாருக்கோ சாதகமாக முடிவெடுக்கிறது. எத்தனை மதிப்பெண் பாடத்திட்டத்துக்கு வெளியே என்று கடிதம் துல்லியமாகச் சொல்லியிருந்தால் இந்தச் சாய்வைச் சிறியதாக வைத்திருக்கலாம். கெட்டில் வினாவில் 9 மதிப்பெண்ணையும் தூக்கிக் கொடுப்பதற்குப் பதில், அ பிரிவைத் திருத்திவிட்டு 7-ஐ மட்டும் கொடுத்தால் போதும்.

இரண்டு வழியாலும் சரிசெய்ய முடியாத பாதிப்பு ஒன்று உண்டு. அது நேரம். அந்த இங்கிலாந்துத் தாளுக்கு 105 நிமிடம், 100 மதிப்பெண். அதாவது 9 மதிப்பெண் வினாவுக்குச் சுமார் ஒன்பதரை நிமிடம். படிக்க வேண்டாம் என்று சொல்லப்பட்ட வினாவோடு இருபது நிமிடம் போராடிய மாணவருக்குப் பின்னால் வரும் வினாக்களில் பத்து நிமிடம் பறிபோகிறது. அந்த வினாக்களில் அவர் இழந்த மதிப்பெண் எந்த அட்டவணையிலும் தெரியாது.

இதற்கான தடயம் விடைத்தாளில் மட்டுமே இருக்கிறது. எழுதி அடித்த சூத்திரங்கள், மூன்று முறை தொடங்கிக் கைவிட்ட கணக்கு, கடைசிப் பக்கத்தில் பாதியில் நின்ற வாக்கியம். வினாத்தாள் தயாரித்தவருக்கு இது தெரியாது. மாணவருக்குத் தன் தாள் மட்டுமே தெரியும். திருத்துபவர்தான் பல தாள்களைச் சேர்த்துப் பார்க்கிறார். நல்ல கடிதத்தில் ஆகவே எண்ணிக்கையும் இருக்கும்: தான் பார்த்தவற்றில் எத்தனை பேர் ஆ பிரிவைக் காலியாக விட்டார்கள், எத்தனை பேர் முயன்று அடித்தார்கள், எத்தனை பேர் கடைசி வினாவை முடிக்கவில்லை.

இங்கே முறைக்கு முறை ஒரு பெரிய வித்தியாசம் வருகிறது. இங்கிலாந்தில் பெரும்பாலான விடைத்தாள்கள் ஸ்கேன் செய்யப்பட்டு, வினா வினாவாகப் பிரித்துத் திரையில் திருத்தப்படுகின்றன. ஒரே வினாவுக்கு நூற்றுக்கணக்கானோர் எழுதிய விடையைத் தேர்வாளர் தொடர்ந்து பார்ப்பதால் பிழை சீக்கிரம் கண்ணில் படும். ஆனால் அதே மாணவர் கடைசி வினாவில் என்ன ஆனார் என்பது அவருக்குத் தெரியாது. நம் முகாமில் முழு விடைத்தாளும் ஒருவர் கையில் இருக்கிறது. அவர் பார்க்கும் தாள்கள் குறைவு. ஆனால் நடுவில் சிக்கிய வினா கடைசிப் பக்கத்தை எப்படிப் பாதித்தது என்று அவரால் சொல்ல முடியும்.

தாள் அச்சாவதற்கு முன்பே பிழையைப் பிடிக்க வாரியங்கள் பல கைகள் வழியாக அதை அனுப்புகின்றன. வினா எழுதுபவர், திருத்துபவர், பாடக் குழு, கடைசியில் மாணவரைப் போல உட்கார்ந்து முழுத் தாளையும் எழுதிப் பார்க்கும் ஒருவர் என்று பல அடுக்குகள். அப்படியும் 2017-இல் ஓசிஆர் என்ற வாரியத்தின் ஆங்கில இலக்கியத் தாளில், ஷேக்ஸ்பியரின் டிபால்ட் என்ற பாத்திரம் தன் சொந்தக் குடும்பமான கேப்புலட்டுகளையே வெறுப்பதாக ஒரு வினா அச்சாகிவிட்டது. இங்கிலாந்தின் தேர்வு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்குவால் அந்த வாரியத்துக்கு 2018-இல் 1,75,000 பவுண்ட் அபராதம் விதித்தது. இத்தகைய விசாரணைகளில் வரைவு யார் யார் கையைக் கடந்தது, எந்த நிலையில் பிடித்திருக்கலாம் என்று தேடுவார்கள். அதனால் தேர்வாளரின் கடிதத்தில் இன்னொரு கோரிக்கையும் இடம்பெற வேண்டும்: முடிவு வந்தபின் அந்த வினாவைப் பழைய வினாத்தாள் தொகுப்பிலும் குறியிட்டு வைக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு மாணவர்கள் அதையே பயிற்சிக்காக எழுதி, தங்களுக்கு இல்லாத பாடத்தை இருப்பதாக எண்ணிப் படித்துக்கொண்டிருப்பார்கள்.