ஒரு மீட்டருக்கு நூறு, ஒரு கன மீட்டருக்குப் பத்து லட்சம்

வீட்டு வாசலில் தரைக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுகிறார்கள். பூச்சு முடிந்த பிறகு டேப் வைத்து உள்ளே அளந்தால் நீளம் 300 செ.மீ., அகலம் 200 செ.மீ., ஆழம் 150 செ.மீ. மூன்றையும் பெருக்கினால் 90 லட்சம் கன சென்டிமீட்டர். இதைக் கன மீட்டராக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே 90 லட்சத்தை நூறால் வகுத்து, 90,000 கன மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். சரியான விடை 9 கன மீட்டர்.

அந்தத் தப்பான விடையை நம்பினால், தொட்டியில் 9 கோடி லிட்டர் தண்ணீர் பிடிக்க வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி 7,500 முறை வந்து ஊற்றினால்தான் அது நிரம்பும். வகுத்ததில் பிழை இல்லை. நூறால் வகுக்கலாம் என்று முடிவு செய்த இடத்தில்தான் பிழை.

முதலில் பரப்பைப் பார்ப்போம். தரையில் ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள ஒரு சதுரம் வரையுங்கள். அதற்குள் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு கோடாக, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் இழுங்கள். சின்னச் சின்னக் கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு சதுர சென்டிமீட்டர். முதல் வரிசையில் நூறு கட்டங்கள் இருக்கும். அதோடு சதுரம் நிரம்பிவிட்டதா? இல்லை, அதைப் போல நூறு வரிசைகள் இருக்கின்றன. நூறு தடவை நூறு, ஆகப் பத்தாயிரம் கட்டங்கள். நீளம் தன் பங்குக்கு ஒரு நூறைக் கொண்டுவருகிறது, அகலம் தன் பங்குக்கு இன்னொரு நூறைக் கொண்டுவருகிறது.

இனி அந்தச் சதுரத்தின் மேல் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பெட்டி எழுப்பினால், ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள அடுக்குகள் நூறு வரும். ஒவ்வோர் அடுக்கிலும் பத்தாயிரம் சின்னக் கனசதுரங்கள். மொத்தம் பத்து லட்சம். உயரம் மூன்றாவது நூறைக் கொண்டுவந்துவிட்டது.

நூறால் வகுத்தவருக்குக் கிடைத்த 90,000 வெற்று எண் அல்ல, அதற்கும் ஒரு பொருள் உண்டு. பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குக் குறையாகவே படுகிறது. 90 லட்சம் சின்னக் கனசதுரங்களையும் நூறு நூறாக ஒரே வரிசையில் ஒட்டினால், ஒரு மீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டர் கனமும் உள்ள குச்சிகள் கிடைக்கும். அப்படிப்பட்ட குச்சிகள்தான் 90,000. அவற்றை நூறு நூறாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால், ஒரு மீட்டர் சதுரமும் ஒரு சென்டிமீட்டர் தடிமனும் உள்ள பலகைகள் 900 வரும். அந்தப் பலகைகளை நூறு நூறாக ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால்தான் முழுக் கன மீட்டர்கள் 9 கிடைக்கும். நூறால் ஒரு முறை மட்டும் வகுத்தவர் குச்சிகளை எண்ணிவிட்டு, அவற்றைக் கன மீட்டர் என்று சொல்லிவிட்டார். பத்தாயிரத்தால் வகுத்தவர் பலகைகளோடு நின்றுவிட்டார். ஒவ்வொரு வகுத்தலும் ஒரு திசையை மட்டுமே மீட்டராக்குகிறது. திசைகள் மூன்று என்றால் வகுத்தலும் மூன்று முறை நடந்தாக வேண்டும்.

அலகுக் குறியீடும் இதையே சொல்கிறது. cm³ என்று எழுதும்போது அந்தச் சின்ன 3 மீட்டருக்கு மட்டும் உரியதல்ல, முன்னால் நிற்கும் சென்டிக்கும் சேர்த்துத்தான். உலக அளவை முறையின் விதிகளை வெளியிடும் பாரிஸ் அருகிலுள்ள சர்வதேச எடை அளவைகள் பணியகம், முன்னொட்டும் அலகும் சேர்ந்து பிரிக்க முடியாத ஒரே குறியீடு ஆகிவிடுகின்றன என்று தெளிவாக விதித்திருக்கிறது. அதாவது:

1 cm³ = (0.01 m)³ = 0.01 × 0.01 × 0.01 m³ = 0.000001 m³

கன மீட்டரில் நூற்றில் ஒரு பங்கு என்று இதைப் படிப்பதுதான் பிழையின் வேர்.

இதைக் கேட்டுவிட்டு, கன அளவு என்றாலே கண்ணை மூடிக்கொண்டு பத்து லட்சத்தால் வகுக்கக் கூடாது. அதே தொட்டியின் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டும். சுவருக்கு அடியில் போவதை விட்டுவிட்டு உட்பரப்பை மட்டும் கணக்கிட்டால் 6 சதுர மீட்டர். தடிமன் 15 செ.மீ. பெருக்கினால் 90. இந்த 90 கன சென்டிமீட்டரும் இல்லை, கன மீட்டரும் இல்லை. நீள அகலங்கள் ஏற்கெனவே மீட்டரில் வந்துவிட்டன, தடிமன் மட்டும் சென்டிமீட்டரில் நிற்கிறது. இங்கே நூறால் ஒரே ஒரு முறை வகுப்பதுதான் சரி. 0.9 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். எத்தனை நூறால் வகுப்பது என்பதை விடையின் பெயர் தீர்மானிப்பதில்லை. பெருக்கிய அளவுகளில் எத்தனை சென்டிமீட்டரில் இருந்தன என்பதே தீர்மானிக்கிறது.

வட்டத் தொட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. மாடியில் வைக்கும் உருளை வடிவத் தொட்டி ஒன்றின் ஆரம் 60 செ.மீ., உயரம் 100 செ.மீ. என்று கொள்வோம். பை, ஆரம், ஆரம், உயரம் என்று பெருக்கினால் ஏறக்குறைய 11.31 லட்சம் கன சென்டிமீட்டர் வரும். கன மீட்டரில் 1.131. இங்கே நீளமும் அகலமும் இல்லை என்றாலும் ஆரம் இரண்டு முறை வருகிறது, உயரம் ஒரு முறை வருகிறது. ஆக, நீள அளவுகள் மூன்று. பை என்பது வெறும் எண், அதை மாற்ற வேண்டியதில்லை. பாதி என்றோ மூன்றில் ஒரு பங்கு என்றோ சூத்திரத்தில் வரும் எண்களும் அப்படியே.

விடை சரியா என்று பார்க்கத் தண்ணீரே துணை. பிரான்சில் 1795-இல் மெட்ரிக் அளவைகளைச் சட்டமாக்கியபோது, மீட்டரில் நூற்றில் ஒரு பங்கைப் பக்கமாகக் கொண்ட கனசதுரத்தில் அடங்கும் தூய நீரின் எடையைத்தான் கிராம் என்று வைத்தார்கள். பிற்காலத்தில் வரையறை மாறினாலும், நடைமுறைக்கு ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம்தான். அப்படியானால் பத்து லட்சம் கன சென்டிமீட்டர் பத்து லட்சம் கிராம், அதாவது ஆயிரம் கிலோ. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் லிட்டர், ஒரு டன் எடை. ஒரு கன மீட்டருக்கு நூறு கன சென்டிமீட்டர்தான் என்று வைத்தால், ஓர் ஆள் உள்ளே குந்தி உட்காரக்கூடிய பெட்டியில் நூறு கிராம் தண்ணீர்தான் பிடிக்கும். அரை டம்ளர் கூட வராது.

மேலே சொன்ன தொட்டியில் 9 டன் தண்ணீர் நிற்கும். டைல்ஸ் கணக்கையும் இப்படியே பார்க்கலாம். அடித்தளம் 60,000 சதுர செ.மீ., நான்கு சுவர்களும் சேர்ந்து 1,50,000 சதுர செ.மீ., மொத்தம் 2,10,000. பத்தாயிரத்தால் வகுத்தால் 21 சதுர மீட்டர். நூறால் வகுத்து 2,100 என்று கடையில் போய்ச் சொன்னால், ஒரு தொட்டிக்கு அரை ஏக்கருக்கும் மேல் டைல்ஸ் கேட்டவர் ஆவீர்கள்.

டேப்பில் எடுத்த அளவு ஒவ்வொன்றையும் பெருக்குவதற்கு முன்பே மீட்டராக எழுதிக்கொள்ளுங்கள். 3, 2, 1.5 என்று எழுதிப் பெருக்கினால் 9 தானாக வந்து நிற்கும், பூஜ்யங்களை எண்ண வேண்டிய வேலையே இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர்கள் பத்தாயிரம், பத்து லட்சம் என்ற வாய்ப்பாட்டைக் கொடுப்பதற்கு முன், தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு சதுர மீட்டரை வரைந்து, ஓரத்தில் ஒரு வரிசைக் கட்டங்களை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். மிச்சம் எத்தனை வரிசை என்று அவர்களே சொல்வார்கள்.