பீஸ் ரேட்டும் பையனுக்கு பீஸும்

திருப்பூர் பனியன் கம்பெனித் தையல்காரர் ஒருவரின் பேட்டி ஒலிப்பதிவாக இருக்கிறது. அதை எழுத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவர் இப்படிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "மொதல்ல செக்கிங்ல இருந்தேனுங்க. அப்புறம் பேட்லாக் பழகினேன். எல்லாம் பீஸ் ரேட்டுதான். சீசன் டல்லடிச்சா பையனுக்கு பீஸ் கட்டறதே கஷ்டமுங்க."

நான்கே வாக்கியம்தான். ஆனால் எழுதுகிறவரின் கை இரண்டு இடங்களில் நின்றுவிடும்.

முதல் இடம் 'பீஸ்'. ஒன்று தைக்கும் உருப்படி, மற்றொன்று பள்ளிக்கூடக் கட்டணம். தையல்காரரின் வாயில் இரண்டும் ஒரே ஒலிதான். அப்படியே எழுதினால், குரலைக் கேட்காத வாசகர் ஒரு நொடி தடுமாறுவார். பத்திரிகைப் பேட்டி என்றால் கட்டணத்தை மட்டும் 'ஃபீஸ்' என்று ஆய்தம் சேர்த்துப் பிரித்துவிடுவது நல்லது.

அடுத்தது 'பேட்லாக்'. பனியனின் ஓரத்தை மடித்துத் தட்டையாகத் தைக்கும் மெஷின் அது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு 'ஃபிளாட்லாக்' என்று திருத்தக் கை துறுதுறுக்கும். திருத்தவே கூடாது. 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை' என்றுதான் அந்த ஊர்ச் சுவர்களில் எழுதுகிறார்கள். தொழிலாளியும் முதலாளியும் புழங்கும் பெயர் அது. அதை மாற்றினால் பேட்டியில் பேசுவது அவராக இருக்காது, படித்த வேறொருவராகிவிடுவார்.

ஒன்றைத் திருத்தி, மற்றொன்றை விட்டுவைப்பது முரண் இல்லையா? இல்லை. பொருள் குழம்பும் இடத்தில் மட்டும் எழுத்து தலையிடுகிறது, மற்ற இடங்களில் பேசியவரின் உச்சரிப்புக்கே முதலிடம்.

வேற்றுமை உருபு ஒட்டும்போது கவலை குறைவு. பஸ், பில் போன்ற சொற்களில் தனிக்குறிலுக்குப் பின் வரும் மெய் இரட்டிக்கும்: பஸ்ஸில், பில்லை. நெடில் வந்தால் இரட்டாது: ரூமில், லோனை. தமிழின் சந்தி விதி வந்த சொல்லையும் தன் வழிக்கு இழுத்துக்கொள்கிறது.

உண்மையான தொல்லை வேறொன்று. முதல் பக்கத்தில் 'கம்பெனி', பத்தாம் பக்கத்தில் 'கம்பனி' என்று இருந்தால், பிறகு கோப்பில் தேடும்போது பாதிதான் அகப்படும். அதனால் ஒரு சொல்லை முதன்முறை எழுதும்போதே அதன் வடிவத்தைத் தனித் தாளில் குறித்துவைக்க வேண்டும். கடைசியில் மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம் என்று விடுவது ஆபத்து. 'பீஸ்' இருக்கும் இடமெல்லாம் 'ஃபீஸ்' ஆக்கச் சொன்னால், பீஸ் ரேட்டும் ஃபீஸ் ரேட்டாகும். ஏற்கெனவே சரியாக இருந்த 'ஃபீஸ்', உள்ளே 'பீஸ்' இருப்பதால் 'ஃஃபீஸ்' ஆகும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே வழி.

இதே பதிவு பேச்சுத்தமிழ் ஆய்வுக்கென்றால் முடிவு தலைகீழாகும். அங்கே இரண்டையும் 'பீஸ்' என்றே எழுதி, பொருளைப் பக்கத்தில் குறிக்க வேண்டும், ஏனென்றால் ஆய்வாளர் தேடுவது அந்த உச்சரிப்பைத்தான். எனவே பேட்டி யாருக்குப் போகிறது என்பதை முதல் வரி எழுதும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.