முதலில் வந்தவர் எப்போது வந்தார்?

இரு நண்பர்கள் காலை 8 மணி முதல் 9 மணிக்குள் ஏதோ ஒரு நேரத்தில் தனித்தனியே உணவங்காடிக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்துக்கும் சம வாய்ப்பு. 8 மணியிலிருந்து கணக்கிட்டால், முந்தி வருபவர் x மணி நேரத்திலும் பிந்தி வருபவர் y மணி நேரத்திலும் வருகிறார்கள். x எப்போதும் y-ஐவிடக் குறைவு என்பதால், வரைபடத்தில் இவை ஒரு முக்கோணத்துக்குள் அடங்கும். அதன் பரப்பு 1/2. மொத்த நிகழ்தகவு 1 ஆக வேண்டும்; எனவே கூட்டு அடர்த்தி எங்கும் 2.

y மட்டும் போதுமென்றால், x-ஐத் தொகையிட்டு நீக்குங்கள். x, 0 முதல் y வரைதான் செல்லும், விடை 2y. இதுவே விளிம்பு அடர்த்தி. எல்லையை 0 முதல் 1 வரை என எடுத்தால் 2 என்ற தவறான விடை வரும். அதை y முழுவதும் தொகையிட்டுப் பாருங்கள்: 1 வர வேண்டிய இடத்தில் 2 வந்து பிழையைக் காட்டிவிடும்.

இப்போது பிந்தியவர் 8.30-க்கு வந்ததாகத் தெரிகிறது. கூட்டு அடர்த்தியை விளிம்பு அடர்த்தியால் வகுத்தால் 1/y கிடைக்கும். இது நிபந்தனை அடர்த்தி. அதில் x இல்லை. ஆகவே முந்தியவர் 8 முதல் 8.30 வரை எந்த நேரத்திலும் சம வாய்ப்போடு வந்திருக்கலாம்; சராசரி 8.15. அந்தத் தகவல் தெரியாதபோது சராசரி 8.20.