ஈரலில் கொழுப்பா? மாதம் 10 கிலோ குறைக்கப் போய் மாட்டிக்காதீங்க!

வயிற்று வலி என்று ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களில் பலர், "பேட்டி லிவர், கிரேடு 2" என்று எழுதிய ரிப்போர்ட்டுடன் வெளியே வருகிறார்கள். "நான் குடிக்கிறதே இல்லையே, எனக்கு எப்படி?" என்பதுதான் முதல் கேள்வி.

குடிக்காதவர்களுக்கும் இது வரும். உடம்புக்குத் தேவைக்கு மேல் போகும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றித் தனக்குள்ளேயே சேர்த்து வைத்துக் கொள்கிறது. கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டினால் அது பேட்டி லிவர். தொப்பையும் சர்க்கரை நோயும் இருந்தால் வாய்ப்பு அதிகம். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினாலே உஷாராக வேண்டும்.

வலி இருக்காது. அதுதான் ஆபத்து. சிலருக்கு ஈரல் வீங்கி, தழும்பு விழுந்து, வருஷக்கணக்கில் சுருங்கிப் போகும். ஸ்கேனில் சொல்லும் கிரேடு கொழுப்பின் அளவு மட்டும்தான், தழும்பைச் சொல்லாது. அதனால் கிரேடு 1 என்று நிம்மதியாக இருப்பதும் தப்பு, 3 என்று இடிந்து போவதும் தப்பு. தழும்பு இருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனைக் கணக்கை வைத்தும், தேவைப்பட்டால் பைப்ரோஸ்கேன் எடுத்தும் டாக்டர் பார்ப்பார்.

84 கிலோ டிரைவர்

உதாரணத்துக்கு, 84 கிலோ எடையுள்ள ஆட்டோ டிரைவர் ஒருவரை எடுத்துக் கொள்வோம். தினமும் 6 டீ, ராத்திரி ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் 3 பரோட்டா. ஒரு டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரை என்றால் 12 ஸ்பூன், சுமார் 50 கிராம். டீயில் மட்டுமே 200 கலோரி கரைந்து போகிறது!

இவர் 4 கிலோ குறைத்தாலே, அதாவது எடையில் 5 சதவீதம் இறங்கினாலே, ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 6 கிலோ குறைந்தால் வீக்கம் தணிய வாய்ப்பு உண்டு. 8 கிலோவுக்கு மேல் இறங்கினால் ஆரம்பக்கட்டத் தழும்பு கூட சிலருக்குக் குறைகிறது. இதற்கென்று உடனடி மந்திர மாத்திரை எதுவும் கிடையாது.

வாரத்துக்கு அரை கிலோ போதும், அதிகபட்சம் ஒரு கிலோ. அரை கிலோ வீதம் 8 கிலோ இறங்க 4 மாதம் ஆகும். நடுவில் ஒரு மாதம் எடை நகராமல் நிற்கவும் செய்யும், அதைப் பார்த்து விட்டுவிடக் கூடாது.

பட்டினி கிடந்து மளமளவென்று குறைத்தால் என்ன ஆகும்? உடம்பில் இருக்கும் கொழுப்பு ஒரேயடியாகக் கரைந்து ஈரலுக்குத்தான் வந்து சேரும். வீக்கம் கூடலாம். பித்தப்பையில் கல்லும் உண்டாகலாம். "ஒரே மாதத்தில் 10 கிலோ" என்று சுவரில் ஒட்டிய நோட்டீசை நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஈரலைச் சுத்தம் செய்யும் பொடி, லேகியம் என்று டாக்டரிடம் சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டு, அதனாலேயே ஈரல் கெட்டவர்களும் உண்டு.

தட்டில் என்ன மாற்றம்?

நம்ம டிரைவர் முதலில் டீ சர்க்கரையை 2 ஸ்பூனில் இருந்து அரை ஸ்பூனாக்கி, மெல்ல நிறுத்தலாம். பாட்டில் கூல்டிரிங்க்சும் பழ ஜூசும் வேண்டாம், பழத்தைக் கடித்துச் சாப்பிடலாம். பரோட்டாவுக்குப் பதில் 2 சப்பாத்தியும் பருப்பும், அல்லது 3 இட்லியும் சாம்பாரும். மதியம் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரை, பொரியல். பசித்தால் சுண்டல், அவித்த முட்டை. மத்தி மீனைக் குழம்பில் போடலாம், எண்ணெயில் பொரிப்பதுதான் வேண்டாம். குடிப்பழக்கம் இருந்தால் முழுசாக நிறுத்த வேண்டும்.

வாரத்தில் 5 நாள், 30 நிமிஷம் வேகநடை. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம் சரியானது. முள் அசையாவிட்டாலும், நடப்பதால் மட்டுமே ஈரல் கொழுப்பு கொஞ்சம் குறையும். முட்டி வலி இருந்தால் சைக்கிள் மிதிக்கலாம்.

டாக்டரிடம் கேளுங்கள்

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைத்து நடக்கவும் ஆரம்பித்தால், மருந்தைப் பொறுத்து சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். "சாப்பாட்டைக் குறைக்கப் போறேன், டோஸை மாத்தணுமா?" என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். பிரஷர் மாத்திரைக்கும் இதே கேள்விதான். நடக்கும்போது நெஞ்சு அடைப்பவர்கள் முதலில் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். தழும்பு உண்டா, மறுபடி எப்போது டெஸ்ட் எடுப்பது என்றும் கேட்டு எழுதிக் கொள்ளலாம்.

கண் மஞ்சளாவது, கால் வீக்கம், வயிறு நீர் கோர்த்து உப்புவது, ரத்த வாந்தி, தார் போல் கறுப்பாக மலம் போவது, இதில் எது வந்தாலும் டயட்டைப் பற்றி யோசிக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.