கை சொல்லும் கணக்கு

(இசை மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசை படிப்பதால் என்ன கற்கிறீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். கர்நாடக இசையில் எல்லோரும் முதலில் படிக்கும் சரளி வரிசை ஒன்றைக் கொண்டே விடை சொல்ல விரும்புகிறேன்.

முதற் சரளி மிக எளிது. ஸ ரி க ம ப த நி ஸ என்று ஏறி, அதே வழியில் இறங்கவேண்டும். மொத்தம் 16 சுரங்கள். இதை ஆதி தாளத்தில் பாடுகிறோம். ஒரு தட்டு, பின்னர் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அதன்பின் தட்டி வீச்சு, தட்டி வீச்சு. இப்படி எட்டு எண்ணிக்கை வந்தால் ஓர் ஆவர்த்தனம்.

முதலாம் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம். இரண்டாம் காலத்தில் இரண்டு. மூன்றாம் காலத்தில் நான்கு. குரல்தான் விரைகிறது, கை முன்போலவே நடக்கவேண்டும். சிக்கல் இங்கேதான். குரல் விரைந்ததும் கையும் சேர்ந்து ஓடிவிடும். பாடுகிறவளுக்கு அது தெரியாது; எல்லாம் சரியாகப் பொருந்துவதுபோலவே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மணிக்கூடு போதும். செக்கனுக்கு ஓர் எண்ணிக்கை என்று தாளம் போட்டால், முதலாம் காலம் 16 செக்கன் எடுக்கும். இரண்டாம் காலம் 8, மூன்றாம் காலம் 4. இரண்டாம் காலம் 6 செக்கனில் முடிந்தால், கை ஓடியிருக்கிறது என்று பொருள்.

கை ஒழுங்காக நடந்தும் குரல் பிசகலாம். அதை விரல்களே காட்டிக்கொடுக்கும். இரண்டாம் காலத்தில் இறங்கத் தொடங்கும் மேல் ஸ, நடுவிரலுக்கு அடுத்த தட்டில் விழவேண்டும். நடுவிரலிலேயே விழுந்தால் குரல் முந்திவிட்டது. வீச்சில் விழுந்தால் பிந்திவிட்டது. மூன்றாம் காலத்தில் அதே சுரம் மோதிரவிரலில் விழவேண்டும்.

சேர்ந்து பாடும்போது இது இன்னும் கடினம். ஒருத்தி சற்று விரைந்தால் பக்கத்தில் இருப்பவளும் விரைவாள். சிறிது நேரத்தில் குழு முழுவதும் ஓடும். அப்போது உரத்துப் பாடி அவர்களை நிறுத்த முடியாது. ஒருத்தியாவது தன் கையை மாற்றாமல் தட்டிக்கொண்டிருந்தால், மற்றவர்கள் அதைப் பார்த்துத் திரும்பி வருவார்கள்.

எந்த வேகத்தில் தொடங்குவது என்பது பாடுகிறவரின் விருப்பம். தொடங்கியபின் அதைக் காப்பது அவருடைய பொறுப்பு. வாய் ஒன்றைச் செய்யும்போதே, அதைச் சரிபார்க்கும் இன்னொரு கணக்கைத் தன் கையிலேயே வைத்திருக்க இசை எங்களுக்குக் கற்றுத்தருகிறது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டில் சரளி பாடும்போது, குரலைக் கேட்பதோடு கையையும் ஒரு தடவை பாருங்கள்.